46க்கும் 32க்கும் நடுவே: மூன்றாவது தேர்வாளரை எப்போது கூப்பிடுவது?

வடசென்னையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரி. கொருக்குப்பேட்டை கேட் மூடினால் வெளியூரிலிருந்து திருத்த வரும் ஆசிரியர்கள் அரைமணி நேரம் தாமதமாகத்தான் உள்ளே நுழைவார்கள். அங்கே எம்.ஏ. வரலாறு தாள் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்த நாளில் என் மேஜைக்கு வந்த ஒரு விடைத்தாளை வைத்தே இதை விளக்குகிறேன். அந்தத் தாளுக்கு அன்று நான்தான் தலைவர். எங்கள் கேம்ப்பில் 'சேர்மன்' என்று கூப்பிடுவார்கள். விடைத்தாளில் மாணவரின் பதிவெண் கிடையாது, டம்மி நம்பர் மட்டும்தான். மொத்தம் 75 மதிப்பெண். தேர்ச்சிக்கு 38 வேண்டும். உள்ளூர் ஆசிரியை கொடுத்தது 46. வெளிக்கல்லூரியிலிருந்து வந்த ஆசிரியர் கொடுத்தது 32. ஒருவர் கணக்கில் நன்றாகவே பாஸ், இன்னொருவர் கணக்கில் ஃபெயில்.

முதுநிலைத் தாள்களை இருவர் தனித்தனியாகத் திருத்துவது பல இடங்களில் நடைமுறை. முதலில் திருத்துபவர் விடைத்தாளில் ஒரு கோடுகூடப் போடக்கூடாது. மதிப்பெண்ணைத் தனிப் பட்டியலில் கேள்விவாரியாக எழுதி உறையில் போட்டுவிடுவார். அடுத்தவருக்கு அது தெரியாது. இரண்டும் நெருக்கமாக இருந்தால் சராசரி எடுத்து முடித்துவிடலாம். ஒரு வரம்புக்கு மேல் விலகினால் மூன்றாவது ஆளிடம் போகும். எங்கள் விதிப்படி அந்த வரம்பு மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதம். 75க்கு 15 சதவீதம் என்றால் 11.25. ஆகவே வித்தியாசம் 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் மூன்றாம் திருத்தம். இந்தத் தாளில் வித்தியாசம் 14. விதியை அப்படியே பின்பற்றினால் உறையில் போட்டு மூன்றாமவருக்கு அனுப்ப வேண்டியதுதான்.

ஆனால் வித்தியாசம் ஏன் வந்தது என்று பார்க்காமல் அனுப்புவது தவறு என்பது என் உறுதியான கருத்து. இருவர் மதிப்பெண் விலகுவதற்கான காரணங்கள் ஒரே வகைப்பட்டவை அல்ல. ஒருவர் ஒரு பக்கத்தைப் பார்க்காமல் விட்டிருக்கலாம். ஒருவர் தன் விடைத்தாள் கட்டு முழுவதையும் கறாராகத் திருத்தியிருக்கலாம். அல்லது அந்த விடையின் தரத்தைப் பற்றியே இருவருக்கும் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கலாம். மூன்றாம் தேர்வாளர் உதவுவது இந்தக் கடைசி வகைக்கு மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் அவரைக் கூப்பிட்டால், பிழை திருத்தப்படாமல் மூன்றாவது எண்ணோடு கலந்து மறைந்துபோகும்.

அதனால் முதல் வேலை, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்விவாரியாக ஒப்பிடுவது. மொத்தத்தைப் பார்த்தால் எதுவும் தெரியாது. அன்றைய தாளில் பகுதி அ, பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகள்: ஆசிரியை 14, வெளியிலிருந்து வந்தவர் 13. பகுதி ஆ, ஐந்து ஐந்து மதிப்பெண் கேள்விகள்: 15, 13. இதுவரை சண்டையே இல்லை. பகுதி இ, மூன்று பத்து மதிப்பெண் கேள்விகள்: ஆசிரியை 5, 4, 8 போட்டு 17. வெளியிலிருந்து வந்தவர் பட்டியலில் 4, அடுத்து ஒரு சிறு கோடு, பிறகு 2. ஆக 6. அந்தக் கோடு 'எழுதவில்லை' என்பதற்கான அடையாளம். ஒருவர் 4 கொடுத்த விடையை இன்னொருவர் இல்லை என்கிறார்.

விடைத்தாளைப் புரட்டினால் விஷயம் உடனே தெரிந்தது. மாணவர் பகுதி இ-யை இடையில் நிறுத்திவிட்டு, விட்டுப்போன இரண்டு மதிப்பெண் கேள்விகளை எழுதியிருக்கிறார். அதன் பிறகு ஒரு வெற்றுப் பக்கம். அதற்கடுத்த பக்கத்தில்தான் அந்தப் பத்து மதிப்பெண் விடை தொடங்குகிறது. வெற்றுப் பக்கத்தைப் பார்த்தவுடன் 'முடிந்தது' என்று நினைத்து மூடிவிடுவது யாருக்கும் நேரக்கூடியது, அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த விடைத்தாள் கட்டில். ஆசிரியரிடம் பக்கத்தைக் காட்டினேன். ஆசிரியை கொடுத்த எண்ணைச் சொல்லவில்லை. படித்துப் பார்த்து அவரும் 4 போட்டார். 32 இப்போது 36 ஆனது.

இந்த வகைப் பிழைக்கு அடையாளம் எளிது. ஒரே ஒரு கேள்வியில் ஒருவருக்குச் சுழியமோ கோடோ இருக்கும், மற்றவருக்கு நடுத்தர எண் இருக்கும், மற்ற கேள்விகளில் இருவரும் ஒத்துப்போவார்கள். கூட்டல் பிழையும் இந்த வகைதான். கேள்விவாரி எண்கள் ஒத்துப்போய் மொத்தம் மட்டும் விலகினால் கூட்டல்தான் காரணம். இதற்கு மூன்றாம் தேர்வாளர் தேவையே இல்லை. பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் ஒரு ஆள் போதும்.

இப்போது வித்தியாசம் 46க்கும் 36க்கும், அதாவது 10. வரம்புக்குள் வந்துவிட்டது. விதி இங்கே ஓய்ந்துவிடும். சராசரி 41, பாஸ், அடுத்த தாள். பெரும்பாலான இடங்களில் இதோடு முடித்துவிடுவார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்றாவது பத்து மதிப்பெண் கேள்வியில் ஒருவர் 8, இன்னொருவர் 2. பத்துக்கு ஆறு வித்தியாசம். மொத்தத்தில் மட்டும் வரம்பு வைத்தால் இது கண்ணுக்குத் தெரியாது. இன்னும் மோசமான நிலையும் உண்டு. ஒரு கேள்வியில் முதலாமவர் 5 கூடக் கொடுத்து, இன்னொரு கேள்வியில் 5 குறைத்துக் கொடுத்தால், மொத்தத்தில் இருவரும் அருமையாக ஒத்துப்போனது போலவே தோன்றும். அதனால்தான் மொத்த வரம்போடு, பத்து மதிப்பெண் கேள்விகளில் 4 அல்லது அதற்கு மேல் விலகினால் பார்ப்பது என்று ஒரு சிறு வழக்கத்தையும் எங்கள் குழுவில் வைத்துக்கொண்டோம். விதிப் புத்தகத்தில் அது கிடையாது. ஒரு தாளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கூடுதலாகப் பிடிக்கும்.

கேள்வி இதுதான்: 1921ஆம் ஆண்டு பின்னி ஆலை வேலைநிறுத்தம் சென்னைத் தொழிலாளர் இயக்கத்தை எவ்வாறு பாதித்தது? ஆராய்க.

எங்கள் ஊர் மாணவர்களுக்கு இது வெறும் பாடப்புத்தகக் கேள்வி அல்ல. பெரம்பூர், புளியந்தோப்பு, பட்டாளம் பக்கத்துக் குடும்பங்களில் பின்னி ஆலையில் வேலை பார்த்த தாத்தா இல்லாத வீடு குறைவு. 1918இல் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதும், 1921இல் ஆலைத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ததும், ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பியதால் புளியந்தோப்பில் மோதல் மூண்டதும் அவர்கள் காதில் விழுந்து வளர்ந்த கதைகள். இந்த மாணவர் நாலரைப் பக்கம் எழுதியிருந்தார். ஏறக்குறைய முழுவதும் அந்தப் பிளவைப் பற்றியே. சங்கம் எப்படி இரண்டாக உடைந்தது, யார் யாரை நம்பவில்லை, அந்த அவநம்பிக்கை பிறகு எப்படித் தொடர்ந்தது என்று நிதானமாகச் சொல்லியிருந்தார். தொடக்கத்தில் காரணங்கள் பற்றி நாலு வரி. தேதிகள் மிகக் குறைவு.

வெளியிலிருந்து வந்த ஆசிரியர் மதிப்பெண் ஸ்கீமை அப்படியே பிடித்திருந்தார். ஸ்கீமில் இந்தக் கேள்விக்கு: காரணங்கள் 3, வேலைநிறுத்தத்தின் போக்கு 4, விளைவுகள் 3. அவர் சொன்னது: "சார், காரணம் நாலு வரி, போக்கு ஒண்ணுமே இல்ல. விளைவு மட்டும்தான் எழுதியிருக்கான். அதுக்கு இருக்கறதே மூணு. நான் ரெண்டு போட்டேன்." உள்ளூர் ஆசிரியை சொன்னது: "கேள்வியே எப்படிப் பாதிச்சதுன்னுதானே சார் கேக்குது? அவன் கேட்டதுக்குத்தான் பதில் எழுதியிருக்கான்."

இருவர் சொன்னதும் சரி. தவறு ஸ்கீமில் இருந்தது. கேள்வி விளைவைக் கேட்கிறது. ஸ்கீம் விளைவுக்குப் பத்தில் மூன்றுதான் ஒதுக்கியிருக்கிறது. கேள்வித்தாள் எழுதியவர் பழைய கேள்வி ஒன்றின் ஸ்கீமை எடுத்து ஒட்டியிருக்க வேண்டும். இப்படி ஒரு கேள்விக்கு மூன்றாம் தேர்வாளரைக் கூப்பிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவரும் ஸ்கீமைப் பின்பற்றினால் 2 அல்லது 3 போடுவார். கேள்வியைப் பின்பற்றினால் 7 அல்லது 8. யார் மூன்றாமவராக அமர்கிறார் என்பதைப் பொறுத்து மாணவரின் முடிவு மாறியிருக்கும். ஸ்கீம் அப்படியே இருந்திருக்கும். அடுத்த தாளிலும் அதே கேள்விக்கு அதே சண்டை வந்திருக்கும், ஆனால் மொத்தத்தில் 12ஐத் தொடாததால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அதனால் ஸ்கீமை மாற்றினோம். பின்னணி 2, போக்கு 2, விளைவும் அதன் மீதான விவாதமும் 6. மாற்றத்தைத் தாளில் எழுதி, தேதி போட்டு, மூவரும் கையெழுத்திட்டு, கன்ட்ரோலர் அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பினோம். பிறகுதான் இருவரும் தனித்தனியாக அந்த விடையை மறுபடி படித்தார்கள். ஆசிரியை 8ஐ 7 ஆக்கினார். ஆசிரியர் 2ஐ 6 ஆக்கினார். முதலாமவர் மொத்தம் 45, இரண்டாமவர் மொத்தம் 40. பழைய எண்களை அழிக்கவில்லை. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதிய எண், சுருக்கக் கையெழுத்து. முதலில் என்ன கொடுத்தார்கள் என்பது பின்னாளில் யாருக்காவது தெரிய வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். இருவரையும் உட்காரவைத்துப் பேசவிட்டால், பெரும்பாலும் சீனியர் சொன்னதுதான் நிற்கும். ஜூனியர், "சரிங்க சார், நீங்க சொன்னா சரிதான்" என்று எண்ணை மாற்றிவிடுவார். அப்படி மாறிய எண் இரண்டாவது கருத்து ஆகாது, முதல் கருத்தின் நகல்தான். ஆகவே பேச்சு எண்ணைப் பற்றி இருக்கக்கூடாது. இந்தக் கேள்வி எதைக் கேட்கிறது, எதற்கு எவ்வளவு என்பதை மட்டும் பேச வேண்டும். அதற்கு முன்பே ஒவ்வொருவரும் தான் கொடுத்ததற்கான காரணத்தைப் பக்க எண்ணோடு இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முழு கேம்ப்பும் முடிந்த பிறகு திரும்பிப் பாருங்கள். பேச்சுக்குப் பிறகு மாறுவது எப்போதும் ஒரே ஆளின் எண்ணாக இருந்தால், அங்கே நடந்தது கலந்துரையாடல் அல்ல, அடங்கிப்போதல்.

அடுத்த வகை, கறார்த்தனம். இதை ஒரு தாளை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, கட்டு முழுவதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் முதலாமவர் மதிப்பெண்ணிலிருந்து இரண்டாமவர் மதிப்பெண்ணைக் கழித்து, அந்த வித்தியாசங்களின் சராசரியை எடுத்துப் பார்த்தால் போதும். அன்று 42 தாள்கள். சராசரி வித்தியாசம் 3. இரண்டாமவர் கொஞ்சம் கறார், அவ்வளவுதான். அந்தக் கட்டில் 14 என்பது தனித்துத் தெரிந்தது. அதனால்தான் அந்தத் தாளுக்குள்ளேயே காரணத்தைத் தேடினோம்.

வேறொரு ஆண்டு, வேறொரு தாளில் சராசரி வித்தியாசமே 9 இருந்தது. பதினொரு தாள்கள் 12ஐத் தொட்டன அல்லது தாண்டின. எல்லாவற்றையும் மூன்றாம் திருத்தத்துக்கு அனுப்பிவிட்டோம். எல்லாம் விதிப்படிதான் நடந்தது என்று அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அது நியாயமில்லை என்று பிறகுதான் உறைத்தது. 12 வித்தியாசம் வந்தவருக்கு மூன்றாவது கண் கிடைத்தது. 10, 11 வித்தியாசம் வந்தவர்களும் அதே கறாரான கையில்தான் விழுந்தார்கள், ஆனால் அவர்களுக்குச் சராசரிதான். ஒரே காரணத்தால் பாதிக்கப்பட்ட இரண்டு மாணவர்களில் ஒருவருக்கு மட்டும் வைத்தியம் செய்த மாதிரி. அந்த நிலைமையில் செய்ய வேண்டியது, கட்டை நிறுத்திவிட்டு இருவரையும் ஒரே ஐந்து மாதிரி விடைத்தாள்களை மறுபடி திருத்தச் சொல்லி, யார் எங்கே விலகுகிறார்கள் என்று பேசி, பிறகு விலகியவரது கட்டு முழுவதையும் மறுபடி பார்க்கச் செய்வது. காலையில் முதல் தாளைப் பிரிப்பதற்கு முன்பே மாதிரித் தாள்களைத் திருத்தி ஒத்திகை பார்க்கும் கேம்ப்புகளில் இந்தப் பிரச்சினை பெருமளவு குறைந்துவிடும். இங்கிலாந்துத் தேர்வு வாரியங்கள் கணினித் திரையில் திருத்தும்போது, மூத்தவர்கள் முன்பே மதிப்பிட்ட விடைகளை அடையாளம் தெரியாமல் இடையிடையே நுழைத்து வைக்கின்றன. திருத்துபவர் அதில் விலகினால் நடுவிலேயே தெரிந்துவிடும். நம் காகிதக் கட்டில் அந்த வசதி இல்லை. ஆனால் பத்துத் தாள் முடிந்ததும் சராசரி வித்தியாசத்தை ஒருமுறை கணக்குப் போட ஒரு பேனாவும் காகிதமும் போதும். 42 தாளும் முடிந்த பிறகு பார்ப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

வரம்பைத் தாண்டும் தாள்களின் எண்ணிக்கையே ஒரு செய்தி சொல்லும். ஒவ்வொரு தேர்வாளரும் தன்னளவில் ஏறக்குறைய 4 மதிப்பெண் முன்னே பின்னே தடுமாறுகிறார், சில தாள்களில் அதைவிடவும் கூடுதலாக, அதாவது புள்ளியியலில் சொல்லும் திட்ட விலக்கம் 4 என்று வைத்துக்கொள்வோம். அப்போது எந்தத் தவறும் நடக்காமல், வெறும் தற்செயலாகவே, நூறு தாளில் நாலு தாள் 12 வித்தியாசத்தைத் தொடும். தடுமாற்றம் 6 ஆகிவிட்டால் நூறுக்கு 17 தாள் தொடும். ஆகவே நூறில் நாலைந்து தாள் மூன்றாம் திருத்தத்துக்குப் போவது இயல்பு. பதினைந்து இருபது போகிறதென்றால் ஒவ்வொரு தாளாகத் தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கக்கூடாது. ஸ்கீமிலோ ஒத்திகையிலோ ஓட்டை இருக்கிறது.

இனி, உண்மையிலேயே மூன்றாமவர் தேவைப்படும் இடம். அதே கட்டில் இன்னொரு தாள், 44க்கும் 31க்கும். வித்தியாசம் 13. எந்தக் கேள்வியும் விடுபடவில்லை, கூட்டல் சரி, ஸ்கீமிலும் குழப்பமில்லை. ஏறக்குறைய எல்லாக் கேள்வியிலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று வித்தியாசம் பரவிக் கிடந்தது. படித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மாணவர் பேசுகிற தமிழில் எழுதியிருந்தார். "வேலைக்குப் போன ஆளுங்களை வேலைக்குப் போகாத ஆளுங்க அடிச்சாங்க, அதுல தெருவே எரிஞ்சு போச்சு" என்பது போல. விஷயம் தெரிந்திருக்கிறது. முதுநிலை மாணவருக்கான நடை இல்லை. ஒருவர் நடைக்காக ஒவ்வொரு கேள்வியிலும் கழித்திருந்தார், இன்னொருவர் விஷயத்துக்காக முழுதாகக் கொடுத்திருந்தார். ஸ்கீமில் நடைக்கென்று தனி மதிப்பெண் எதுவும் இல்லை. இருவரும் தத்தம் காரணத்தை எழுதிக் கொடுத்தார்கள், இருவரும் நகரவில்லை. இங்கேதான் மூன்றாவது கண்ணுக்கு வேலை.

அவரை எப்படி உட்காரவைப்பது என்பதில்தான் நாம் அதிகம் கோட்டைவிடுகிறோம். முந்தைய இரண்டு எண்களும் அவருக்குத் தெரியக்கூடாது என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் 'மூன்றாம் திருத்தம்' என்று மேலே எழுதிய உறையைக் கொடுத்தாலே அவருக்குப் பாதி தெரிந்துவிடுகிறது. சண்டை நடந்த தாள் இது, ஒருவர் அதிகம் போட்டிருக்கிறார், ஒருவர் குறைத்திருக்கிறார் என்று. அவர் மனம் தானாக நடுவே போய் உட்காரப் பார்க்கும். நடு எண் பாதுகாப்பானது, யாரையும் புண்படுத்தாது. இதற்கு ஒரே வழி, சர்ச்சைத் தாளோடு சர்ச்சை இல்லாத நாலைந்து தாள்களைக் கலந்து சாதாரணக் கட்டாகக் கொடுப்பது. கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் அந்தச் சர்ச்சை இல்லாத தாள்களில் அவர் கொடுக்கும் எண்களைப் பார்த்து, அவரே கறாரானவரா தாராளமானவரா என்றும் தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாமவர் எண்ணை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பது அதைவிடச் சிக்கல். பரவலாக உள்ள விதி, மூன்றில் ஒன்றுக்கொன்று நெருக்கமான இரண்டை எடுத்துச் சராசரி போடுவது. கேட்க நியாயமாகத் தோன்றும். முதல் தாளுக்கே போவோம். எதையும் பார்க்காமல் 46, 32 என்று மூன்றாமவருக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். அவர் 38 போட்டால் 32க்கு 6 தள்ளி, 46க்கு 8 தள்ளி. நெருக்கமான ஜோடி 32, 38. சராசரி 35. ஃபெயில். அவர் 40 போட்டால் நெருக்கமான ஜோடி 40, 46. சராசரி 43. பாஸ். மூன்றாமவர் கையில் இரண்டு மதிப்பெண் கூடியதற்கு மாணவரின் கணக்கில் எட்டு மதிப்பெண் மாறுகிறது. அவரே 39 போட்டால் இரண்டு பக்கமும் 7. எந்த ஜோடி என்று விதி சொல்லாவிட்டால் அலுவலகத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் முடிவு. மூவரின் சராசரி எடுத்திருந்தால் 38க்கு 38.67, 40க்கு 39.33. ஒரு மதிப்பெண்கூட நகரவில்லை.

நெருக்கமாக இருப்பதை உண்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே சிக்கல். மூன்று எண்கள் இருந்தால் அவற்றில் ஏதாவது இரண்டு தற்செயலாகவே நெருங்கி வரும். 1952இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயப் பணியகத்தில் இருந்த ஜூலியஸ் லீப்லைன், மூன்று அளவீடுகளில் நெருங்கிய இரண்டை மட்டும் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தைக் கணிதமாக ஆராய்ந்தார். ஆய்வகத்திலும் இதே பழக்கம் இருந்தது. மூன்றும் சாதாரணத் தடுமாற்றத்தால் மட்டும் விலகியிருந்தால், நெருங்கிய ஜோடியின் சராசரி, முதலில் வந்த இரண்டின் வெறும் சராசரியைவிடக்கூட அதிகமாகத் தடுமாறும். மூன்றாவது ஆளைக் கூப்பிட்டு நிலைமையை மோசமாக்கிக்கொள்கிறோம் என்று அர்த்தம். நெருங்கிய ஜோடி விதி பொருந்துகிற இடமும் உண்டு. மூவரில் ஒருவர் பக்கத்தை விட்டுவிட்டது போல ஒரு பெரிய பிழை செய்திருந்தால் அவர் எண்ணைத் தூக்கியெறிவது சரிதான். ஆனால் அந்தப் பிழையை மூன்றாமவர் வருவதற்கு முன்பே கண்டுபிடித்துத் திருத்தியிருக்க வேண்டும். அதைச் செய்துவிட்ட பிறகு மிஞ்சுவது கருத்து வேறுபாடு. அதற்கு மூவரின் சராசரிதான் பொருத்தம். விதியை மாற்றுகிற அதிகாரம் நம் கையில் இல்லாத இடங்களில் குறைந்தது சம தூரத்துக்கு என்ன செய்வது என்றாவது முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

மூன்றாமவர் எண் உண்மையான எண், மற்ற இரண்டும் பிழை என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. 1935இல் பிலிப் ஹார்டாக்கும் ஈ.சி. ரோட்ஸும் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்லும், அதுவும் வரலாற்றுத் தாளில். உண்மைத் தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கிய 15 விடைத்தாள்களை எடுத்து 15 தேர்வாளர்களிடம் கொடுத்தார்கள். ஓராண்டுக்கும் மேல் கழித்து அவர்களில் 14 பேரிடம் அதே தாள்களை மறுபடி கொடுத்தார்கள். ஆக 210 தீர்ப்புகள். அவற்றில் 92இல் தேர்வாளர் தன் பழைய முடிவையே மாற்றினார். ஃபெயில் பாஸ் ஆனது, பாஸ் உயர்தரம் ஆனது. ஒருவர் தன்னோடே இவ்வளவு விலகும்போது, மூன்றாமவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு முதல் இருவர் சொன்னதைத் தூக்கிப்போடுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. சில இடங்களில் மூன்றாமவர் கொடுத்ததே இறுதி என்று வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை.

யாருக்கு மூன்றாமவரைக் கொடுப்பது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஒரு தாளுக்கு 74, 62 என்று வந்தால் 12 வித்தியாசம், விதிப்படி போகும். இன்னொரு தாளுக்கு 41, 34 என்று வந்தால் 7 வித்தியாசம், போகாது. முதல் மாணவருக்கு எப்படிப் பார்த்தாலும் பாஸ்தான். இரண்டாமவருக்குச் சராசரி 37.5. அரை மதிப்பெண்ணை மேலே தள்ளினால் பாஸ், விட்டால் ஃபெயில், ஆறு மாதம் போய்விடும். அனுபவமுள்ள ஆசிரியரின் நேரம் குறைவு. அதைச் செலவழிக்க வேண்டிய இடம், தேர்ச்சிக் கோட்டுக்கு ஒரு புறம் ஒருவர் எண்ணும் மறுபுறம் மற்றவர் எண்ணும் விழுந்த தாள்கள்தான். வரம்பு 12 என்பதோடு, இருவர் எண்ணும் 38க்கு இரு புறமும் இருந்து 5க்கு மேல் விலகினாலும் மூன்றாம் திருத்தம் என்று சேர்த்துக்கொண்டால் கூடுதலாக ஒரு சில தாள்கள்தான் வரும்.

அந்த 44, 31 தாளுக்கு மூன்றாமவர் கொடுத்தது 41. மூவர் சராசரி 38.67, நெருங்கிய ஜோடியின் சராசரி 42.5. எங்கள் விதி நெருங்கிய ஜோடியைத்தான் கேட்டது, அதனால் 43 என்று பதிவானது. எப்படிப் பார்த்தாலும் பாஸ் என்பதால் அன்று நான் மேலும் வாதாடவில்லை. அடுத்த பருவத்துக்கு ஸ்கீமில் நடைக்கென்று தனியாக 3 மதிப்பெண் ஒதுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன், அது ஏற்கப்பட்டது.

முதல் தாளின் கேள்விக்குத் திரும்புகிறேன். ஸ்கீம் மாறியது ஒரு மாணவருக்காக மட்டும் என்றால் அது சலுகையாகிவிடும். 42 பேரில் அந்தப் பின்னி ஆலைக் கேள்வியை எழுதியவர்கள் 23 பேர். எல்லாவற்றையும் மறுபடி எடுத்து, இருவரும் அந்த ஒரு விடையை மட்டும் புதிய ஸ்கீமில் திருத்தினார்கள். மாலை ஐந்தரைக்கு முடியவேண்டிய வேலை ஏழு மணி வரை இழுத்தது. டீ வாங்கி வந்து கொடுத்தோம். ஒன்பது தாள்களில் மதிப்பெண் மாறியது. ஏழு கூடியது, இரண்டு குறைந்தது. குறைந்த இரண்டும் தேதிகளையும் தலைவர்கள் பெயர்களையும் வரிசையாக எழுதிவிட்டு விளைவைப் பற்றி ஒரு பத்தியோடு நிறுத்தியவை. முன்பு 35இல் நின்ற ஒரு தாள் 38 ஆனது. அந்தத் தாளில் இருவர் மதிப்பெண்ணுக்கும் வித்தியாசம் முதலில் 4தான் இருந்தது. எந்த வரம்பிலும் அது சிக்கியிருக்காது.